பத்துப் பேரை அனுப்புவதா, எல்லோருக்கும் மூன்று நாள் குறைப்பதா? மந்த காலத்தில் வேலையைப் பகிரும் கணக்கு

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்டைம் நிற்கும், ஷிஃப்ட் குறையும், ஆளைக் குறைப்பார்கள் என்று பல விதமாகப் பேச்சு எழுந்தது. செய்திகளில் 'லே-ஆஃப்', 'ஆட்குறைப்பு', 'வேலைநேரக் குறைப்பு' மூன்றும் ஒரே பொருளில் மாறி மாறி வந்தன. சட்டத்தில் இவை மூன்றும் வேறு வேறு. சம்பளக் கவரில் வந்து விழும் தொகையும் மூன்றிலும் வேறு.

வரி வந்தாலும் வராவிட்டாலும் ஏற்றுமதித் தையலில் மந்த காலம் என்பது வருடாவருடம் வருவதுதான். ஒரு சீசன் சரக்கு கப்பலேறி, அடுத்த சீசன் ஆர்டர் உறுதியாகும்வரை சில வாரம் கட்டிங் டேபிள் காலியாகக் கிடக்கும். அந்த வாரங்களை ஒருவரையும் அனுப்பாமல், எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் வேலைநாளை விட்டுக்கொடுத்துக் கடக்க முடியுமா? முடியும். ஆனால் நாளாகக் குறைப்பதா மணியாகக் குறைப்பதா, யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது, எதை எழுதி வைப்பது என்பதில் தவறினால், நல்ல எண்ணத்தில் தொடங்கியதே தொழிலாளிக்கு நட்டமாக முடியும்.

## முதலில் மூன்று சொற்கள்

1. லே-ஆஃப். அமெரிக்கச் செய்திகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இது வேலைநீக்கம். இந்தியச் சட்டத்தில் அப்படி இல்லை. ஆர்டர் இல்லை, நூல் இல்லை, கரண்ட் இல்லை என்பது போன்ற காரணத்தால் வந்த ஆளுக்குத் தற்காலிகமாக வேலை கொடுக்க முடியாத நிலைதான் லே-ஆஃப். ஆள் கம்பெனியின் ஆளாகவே இருப்பார், பெயர் ரிஜிஸ்டரில் இருக்கும்.

2. ஆட்குறைப்பு. தொழிலாளி மேல் எந்தத் தவறும் இல்லாமல், ஆள் அதிகம் என்பதால் கணக்கு முடித்து அனுப்புவது. அதற்கு நோட்டீஸ், இழப்பீடு எல்லாம் உண்டு. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்பதும், மறுபடி ஆள் எடுக்கும்போது போனவருக்கே முதலில் வாய்ப்புத் தர வேண்டும் என்பதும் விதி.

3. வேலைநேரக் குறைப்பு. எல்லோருக்குமான வேலைநாளையோ மணியையோ சேர்ந்து குறைப்பது. இதற்கென்று நம் சட்டத்தில் தனிப் பெயரோ தனி அத்தியாயமோ கிடையாது. குழப்பத்துக்கு முதல் காரணமே இதுதான். நிர்வாகமும் தொழிலாளர்களும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தில்தான் இதற்கு உயிர் வருகிறது.

1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறு சட்டத்தில் இருந்த இந்த விதிகளின் சாரம், 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. தொழிற்சங்க வட்டாரத்தில் இன்றும் பழைய எண்ணைச் சொல்லித்தான் பேசுகிறார்கள்.

## ஒரு கம்பெனியின் கணக்கு

இனி எண்களைப் போட்டுப் பார்ப்போம். கம்பெனி கற்பனை, எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை.

டி-சர்ட் தைக்கும் யூனிட் ஒன்று, மொத்தம் 40 பேர். டைலருக்கு உதவும் கைமடி, செக்கிங், பேக்கிங் என்று 12 பேர், இவர்கள் எல்லோரையும் இங்கே கைமடி என்றே சொல்வோம், நாளுக்கு 500 ரூபாய். டைலர்கள் 22 பேர், நாளுக்கு 700 ரூபாய். கட்டிங் மாஸ்டர், சூப்பர்வைசர், அலுவலகத்தார் 6 பேர், மாதச் சம்பளத்தை நாளுக்குப் பிரித்தால் 1,200 ரூபாய். வாரம் ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம். ஒரு நாள் சம்பளச் செலவு 6,000 + 15,400 + 7,200, ஆக 28,600 ரூபாய். அடுத்த 12 வாரத்துக்குக் கையில் இருக்கும் ஆர்டர் வழக்கத்தில் முக்கால் பங்குதான்.

வழி ஒன்று: கால்வாசிப் பேரை அனுப்புவது. 7 டைலர், 3 கைமடி என்று பத்துப் பேர். நாளுக்கு 6,400 ரூபாய் மிச்சம். இரண்டு வாரத்தின் 12 வேலைநாளுக்கு 76,800 ரூபாய்.

பார்த்தவுடன் நல்ல மிச்சம் என்று தோன்றும். ஆனால் அனுப்புவதற்கு ஒரு விலை இருக்கிறது. ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்தவரை அனுப்பினால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அதோடு வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. இது 50 பேருக்குக் குறைவான யூனிட்டுக்கும் பொருந்தும். நான்கு வருடம் வேலை செய்த டைலருக்கு இழப்பீடு 42,000, நோட்டீஸ் சம்பளம் 18,200, மொத்தம் 60,200 ரூபாய். அதே நான்கு வருடத்துக்குக் கைமடிக்கு 43,000. பத்துப் பேருக்கும் சேர்த்து 5,50,400 ரூபாய் ஆகிறது. இரண்டு வாரத்துக்கு 76,800 மிச்சம் என்றால், கொடுத்த பணம் திரும்பி வரவே 14 வாரத்துக்கு மேல் ஆகும். மந்தம் நீடிப்பதோ 12 வாரம்.

இந்த இழப்பீட்டைக் கொடுக்காமல், "இப்ப வேலை இல்லை, ஆர்டர் வந்ததும் கூப்பிடறோம்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவிடுவது பல சின்ன யூனிட்டுகளில் நடக்கிறது. ஆள் அனுப்புவது மலிவு என்று தோன்றுவதே அதனால்தான். அங்கே மிச்சமாவது தொழிலாளிக்குச் சேர வேண்டிய பணம்.

இன்னொரு நட்டம் ரிஜிஸ்டரில் தெரியாது. தையல் ஒரு லைன் வேலை. தோள் இணைப்பு, கழுத்துப் பட்டி, கை இணைப்பு, பக்கத் தையல், கீழ்மடிப்பு என்று ஒருவர் முடித்ததை அடுத்தவர் வாங்கித் தைத்தால்தான் துணி சட்டையாகும். 22 டைலர் என்றால் பதினொரு பேர் கொண்ட இரண்டு லைன். ஏழு பேர் போய்ப் பதினைந்து பேர் நின்றால், ஒரு லைனும் உட்கார இடமில்லாத நான்கு பேரும்தான் மிஞ்சுவார்கள். உற்பத்தி பாதிக்குப் பக்கத்தில் இறங்கும், தேவையோ முக்கால். ஆர்டர் திரும்பும்போது கழுத்துப் பட்டி வைக்கத் தெரிந்த பேட்லாக் டைலரை எங்கே போய்த் தேடுவது? அவர் அதற்குள் பக்கத்துத் தெரு கம்பெனியில் உட்கார்ந்திருப்பார்.

வழி இரண்டு: எல்லோருக்கும் குறைப்பது. 12 நாளுக்கு 9 நாள் வேலை. முதல் வாரம் வெள்ளியும் சனியும் மூடல், அடுத்த வாரம் சனி மட்டும் மூடல். மூன்று நாள் சம்பளம் மிச்சம், 3 × 28,600 = 85,800 ரூபாய். அனுப்புவதைவிட மிச்சம் அதிகம். காரணம் எளியது. ஆளை அனுப்பும் வழியில் மாதச் சம்பளக்காரர்கள் ஒரு ரூபாய்கூட விட்டுக்கொடுக்கவில்லை, சுமை முழுவதும் டைலர், கைமடி தலையில் விழுந்தது. இந்த வழியில் அவர்களும் பங்கு எடுக்கிறார்கள். மூடிய நாளில் கரண்ட், கம்ப்ரஸர், வேன் டீசல் எல்லாம் மிச்சமாவது தனி.

## ஏன் நாளாகக் குறைக்க வேண்டும், மணியாகக் கூடாது

கால்வாசி குறைக்க வேண்டும் என்றால் எட்டு மணி நேரத்தை ஆறாக்கினால் போதுமே, எல்லோரும் தினமும் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமே என்றுதான் முதலில் தோன்றும். கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் இரண்டு இடத்தில் இது இடிக்கும்.

முதலாவது குறைந்தபட்சக் கூலி விதி. நாள் கணக்கில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்ட தொழிலில், வேலைக்கு வந்த ஒருவருக்கு முழு நேர வேலை தரப்படவில்லை என்றால், குறைவது அவருடைய விருப்பத்தால் அல்லாதபோது, அவருக்கு முழு நாள் கூலி சேர வேண்டும். 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் இருந்த இது, 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆகவே மாலை நான்கு மணிக்கே மிஷினை நிறுத்திவிட்டு முக்கால் கூலி கொடுத்தால், அது குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகும்போது சட்டமீறல். கைமடி போன்ற கீழ்நிலைக் கூலிக்காரர்களுக்குப் பெரும்பாலும் கீழே போய்விடும்.

இரண்டாவது தொழிலாளியின் செலவு. பல்லடத்திலிருந்தோ அவிநாசியிலிருந்தோ பஸ் பிடித்து வருபவருக்கு ஆறு மணி நேர வேலைக்கும் எட்டு மணி நேர வேலைக்கும் அதே பஸ் டிக்கெட், அதே டீ, குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு அதே காசு. முழு நாளாக விடுப்பு இருந்தால் அந்தச் செலவும் விடும். ரெண்டு நாள் சேர்ந்து கிடைத்தால் ஊரில் வேறு ஒரு வேலையும் பார்க்கலாம்.

நாளைக் குறைப்பதில் மூன்றாவது நன்மை ஒன்று பின்னால் தெரியும். ஒரு நாள் கூலியின் விகிதம் மாறாமல் இருப்பது பல இடத்தில் தொழிலாளியைக் காக்கும். கிராஜுவிட்டி கடைசியாக வாங்கிய சம்பள விகிதத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. இ.எஸ்.ஐ.யில் நோய்க்காலப் பணமும் பேறுகாலப் பணமும் சராசரி நாள் சம்பளத்தை வைத்து வருகின்றன. நாள் 700 ரூபாய் என்பது 525 ஆக எழுதப்பட்டால், மந்தம் முடிந்த பிறகும் அந்த எண் துரத்தும். ஒன்பது நாள் 700 ரூபாய் என்று இருந்தால் சராசரி 700 ஆகவே நிற்கும். விகிதத்தைத் தொடாதீர்கள், நாளைத் தொடுங்கள் என்பதை முதல் விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

## சமமாகக் குறைத்தால் போதுமா

எல்லோருக்கும் 25 சதவீதம் என்பது தாளில் சமம். வீட்டில் சமம் இல்லை. இரண்டு வாரத்துக்கு 6,000 ரூபாய் வாங்கும் கைமடிக்கு 4,500 என்றால் குறைவது அரிசியும் வாடகையும். 14,400 வாங்கும் சூப்பர்வைசருக்கு 10,800 என்றால் குறைவது பெரும்பாலும் சேமிப்பும் சீட்டுப் பணமும். இரண்டையும் ஒரே எடையில் வைப்பது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதைச் சரிசெய்யப் பெரிய பணம் தேவையில்லை என்பதைக் கணக்கே காட்டுகிறது. மாதச் சம்பளக்காரர் ஆறு பேரும் மூன்றுக்குப் பதில் நான்கு நாள் விடுப்பு எடுக்கட்டும். அலுவலக வேலையை முறை வைத்து மாற்றிக்கொள்ள முடியும், எல்லோரும் ஒரே நாளில் போக வேண்டியதில்லை. அதில் 7,200 ரூபாய் கூடுதலாக மிச்சமாகும். அந்தப் பணத்திலிருந்து 12 கைமடிகளுக்கும் மூடிய மூன்று நாளில் ஒரு நாளுக்குச் சம்பளம் கொடுத்தால் ஆவது 6,000. கம்பெனியின் மொத்த மிச்சம் 85,800-லிருந்து 87,000 ஆகிறது.

இப்போது இரண்டு வாரச் சம்பளம் இப்படி இருக்கும்:

1. கைமடி: 6,000 ரூபாய் 5,000 ஆகிறது. ஆறில் ஒரு பங்கு குறைவு.
2. டைலர்: 8,400 ரூபாய் 6,300 ஆகிறது. நான்கில் ஒரு பங்கு குறைவு.
3. மாதச் சம்பளக்காரர்: 14,400 ரூபாய் 9,600 ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு குறைவு.

மேலே இருப்பவர் அதிகம் விட்டுக்கொடுத்தும் அதிகமாகவே வாங்குகிறார். ஆனால் இந்த வரிசைக்கும் ஓர் எல்லை உண்டு. கட்டிங் மாஸ்டருக்கு வெளியே எப்போதும் வேலை இருக்கும். அவருக்கு மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, அவர் போய்விட்டால், நாற்பது பேருக்கும் கட்டிங் இல்லாமல் போகும். அதனால் மேல்தட்டிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதை அவர்களோடு பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். முதலாளி அந்த 12 வாரமும் தன் பங்குக்குப் பணம் எடுக்காமல் இருக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிந்தால் அந்தப் பேச்சு எளிதாக முடியும், தெரியாவிட்டால் முடியாது.

பீஸ் ரேட்டில் தைப்பவர்கள் இருந்தால் இந்தக் கணக்கு மாறும். அவர்களுக்கு நாள் கணக்கில் இல்லை, தைக்கக் கொடுக்கும் துணிக்கட்டான பண்டில் கணக்கில்தான் சம்பளம். வேலை குறையும் நேரத்தில் வேகமாகத் தைப்பவருக்கே சூப்பர்வைசர் பண்டிலைத் தள்ளுவார், அது அவருடைய பழக்கம். ஒருவருக்கு நாளுக்குப் பத்துப் பண்டிலும் பக்கத்து மிஷினில் நான்கும் என்று ஆனால், நாள் சமமாக இருந்தும் கூலி சமமாக இருக்காது. மந்த காலத்துக்கு மட்டுமாவது ஆளுக்கு இத்தனை பண்டில் என்று எழுதிப் போட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

வெளி மாநிலத்துக்காரர்களுக்கு வாரம் ஒரு நாள் விடுப்பு என்பது ஹாஸ்டலில் படுத்துக் கிடக்கும் ஒரு நாள், அவ்வளவுதான். ஒடிசாவுக்கோ ஜார்க்கண்டுக்கோ ரயிலில் போகவே ஒன்றரை, இரண்டு நாள். அவர்களில் விரும்புகிறவர்களுக்கு 12 வாரத்தின் 18 விடுப்பு நாளையும் ஒன்றாகச் சேர்த்து, அறுவடைக்கோ பண்டிகைக்கோ ஊருக்குப் போய்வரக் கொடுத்தால் அது உபயோகமான விடுப்பு. ஆனால் ஒரே லைனிலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் போகாதபடி பிரித்து அனுப்ப வேண்டும்.

## எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும்

இங்கேதான் நல்ல மனசுள்ள முதலாளிகளும் சறுக்குகிறார்கள். "எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, அப்புறம் எதுக்குக் கையெழுத்து" என்று விட்டுவிடுகிறார்கள்.

வேலைநேரத்தை மாற்றுவதற்கு 21 நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது பொதுவிதி. பழைய சட்டத்தில் இது 9-ஏ பிரிவு. இரு தரப்பும் ஒப்பந்தம் போட்டு அதன்படி மாற்றினால் இந்த நோட்டீஸ் தேவையில்லை. தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னிலையில் போட்டால் இன்னும் உறுதி. '12(3) ஒப்பந்தம்' என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அது அங்கே வேலை செய்யும் எல்லோரையும் கட்டுப்படுத்தும், தனியாகப் போடுவது கையெழுத்துப் போட்ட தரப்புகளை மட்டும்தான் கட்டுப்படுத்தும்.

50 பேரோ அதற்கு மேலோ உள்ள, சீசன் தொழில் என்று வகைப்படுத்தப்படாத ஆலைகளில் முதலாளி தன்னிச்சையாக லே-ஆஃப் அறிவித்தால், ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்த நிரந்தரத் தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதியைக் கொடுக்க வேண்டும். நம் 40 பேர் யூனிட்டுக்கு அந்த விதி இல்லை. அப்படியானால் ஒன்றுமே கொடுக்க வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். நிலைமை நேர்மாறானது. ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனியின் 50 பேருக்குக் குறைவான டெல்லி அலுவலகம் தொடர்பான வழக்கில் 1976-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: சட்டத்திலோ ஒப்பந்தத்திலோ லே-ஆஃப் செய்யும் உரிமை இல்லாத முதலாளி, வேலை தராத நாளுக்குச் சம்பளத்தைப் பிடிக்க முடியாது. சின்ன யூனிட்டுக்குத்தான் எழுத்து ஒப்பந்தம் அதிகம் தேவை என்பது இதிலிருந்து வருகிறது.

ஒப்பந்தத்தில் நான்கு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்.

1. தொடங்கும் தேதியும் முடியும் தேதியும். "நிலைமை சீராகும்வரை" என்ற வரி கூடாது.
2. யாருக்கு எத்தனை நாள் குறைகிறது, அதில் எத்தனை நாளுக்குச் சம்பளம் உண்டு. நாள் கூலி விகிதம் மாறாது என்ற வாசகம்.
3. வேலை தராத நாள்கள் ஒப்பந்தப்படியான லே-ஆஃப் நாளாக ரிஜிஸ்டரில் பதியப்படும் என்ற வாசகம். வருடத்துக்கு 240 நாள் என்ற தொடர்பணிக் கணக்கில் இப்படிப் பதிந்த நாள்கள் சேரும். 'ஆப்சென்ட்' என்று போட்டால் சேராது. கிராஜுவிட்டிக்கு ஒரு வருடம் போய்விட்டதே என்று பின்னால் அழுபவர்களின் கதை பெரும்பாலும் இந்த ஒரு எழுத்தில் இருக்கிறது.
4. அந்தக் காலத்தில் புது ஆள் எடுப்பதில்லை, வெளியே பவர் டேபிள் எனப்படும் சின்னத் தையல் கூடங்களுக்கு ஜாப் ஒர்க் கொடுப்பதில்லை, ஓவர்டைம் இல்லை என்ற உறுதி.

இ.எஸ்.ஐ. பற்றியும் ஒரு சொல். நோய்க்காலப் பணத்துக்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பங்களிப்பு இருக்க வேண்டும். ஆறு மாதத்தில் சுமார் 156 வேலைநாள். 18 நாள் குறைந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு ஆபத்தில்லை. ஆனால் அதே காலத்தில் இரண்டு மாதம் ஊரில் இருந்துவிட்டு வந்தவருக்கு 104-லிருந்து 86 ஆக இறங்கும். இன்னொரு காய்ச்சல், இன்னொரு கல்யாணம் என்றால் 78-க்குக் கீழே போய்விடுவார். குறைப்பைத் தொடங்கும் முன் அப்படிப்பட்டவர்களைப் பட்டியலில் பார்த்து, அவர்களுக்கு மட்டும் நாளை மாற்றிக் கொடுக்கலாம். தீபாவளி போனஸ், வாங்கிய சம்பளத்தின் மேல் வருவதால் அதுவும் கொஞ்சம் குறையும். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், கவரைப் பிரித்த பிறகு தெரியக்கூடாது.

## ஜெர்மனியில் நடப்பதும் இங்கே இல்லாததும்

இதே யோசனையை அரசுப் பணத்தோடு செய்வது ஜெர்மனி. அங்கே அதற்குப் பெயர் குர்ட்ஸார்பைட், அதாவது குறைநேர வேலை. வேலை குறைந்த கம்பெனி ஆளை அனுப்பாமல் நேரத்தைக் குறைத்தால், தொழிலாளி இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, குழந்தை உள்ளவருக்கு 67 சதவீதத்தை, தொழிலாளர்களும் முதலாளிகளும் கட்டிய வேலையின்மைக் காப்பீட்டிலிருந்து கொடுக்கிறார்கள். 2009-இல் ஜெர்மன் பொருளாதாரம் 5 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. அப்போதும் வேலையில்லாதோர் எண்ணிக்கை பெரிதாக ஏறவில்லை. அதற்கு ஒரு முக்கியக் காரணமாக இந்தத் திட்டத்தைச் சொல்கிறார்கள். கொரோனா வந்த 2020 ஏப்ரலில் சுமார் 60 லட்சம் பேர் இதில் இருந்தார்கள்.

நம் டைலருக்கு 8,400-லிருந்து 2,100 ரூபாய் குறைந்தது. அங்கே என்றால் அதில் பாதிக்கும் மேல் திரும்பி வந்திருக்கும். இங்கே இ.எஸ்.ஐ.யில் 2018-இல் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா இருக்கிறது. வேலை போனவருக்குச் சராசரி நாள் சம்பளத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாளுக்குக் கிடைக்கும். ஆனால் வேலை முழுதாகப் போனால்தான். ஆளை வெளியே அனுப்பினால் அந்த ஆளுக்குப் பணம் உண்டு, வேலையைப் பகிர்ந்து எல்லோரையும் வைத்துக்கொண்டால் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. இந்த விதி திருத்தப்பட வேண்டியது என்பது என் கருத்து. மந்த வாரங்களுக்குக் கால்பங்கு நாளை மட்டும் இந்தத் திட்டத்தில் சேர்த்தாலே, மேலே போட்ட கணக்கில் கைமடியின் இழப்பு மிகவும் சுருங்கிவிடும்.

## எங்கே கெடுகிறது, எப்படித் தெரிந்துகொள்வது

குறைப்பு நேர்மையாக நடக்கிறதா என்பதைப் பேச்சில் தேட வேண்டாம், ரிஜிஸ்டரில் தேடினால் போதும். வாரக் கடைசியில், சனி மூடல் என்பதால் வெள்ளியோ அதற்கு முந்தைய நாளோ கவர் கொடுக்கும்போது, வருகைப் பதிவை விரித்துப் பார்க்கலாம். யாராவது ஒருவருக்கு ஒன்றரை ஷிஃப்ட் என்று விழுந்திருந்தால், அந்த வாரம் பகிர்வு உடைந்துவிட்டது. நாற்பது பேர் நாளை விட்டுக்கொடுத்திருக்க, அந்த நாள் நாலு பேர் கைக்குப் போயிருக்கிறது.

இரண்டாவது, லைனுக்கு நாள் டார்கெட். ஒன்பது நாளில் பன்னிரண்டு நாள் பீஸை எடுக்கும்படி டார்கெட் ஏறியிருந்தால், அது வேலை குறைவு இல்லை, கூலி குறைவு. ஆர்டர் புத்தகத்தில் உள்ள பீஸ் எண்ணிக்கையையும் லைனில் எழுதிப் போட்ட எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் வெளிச்சமாகிவிடும். அதனால்தான் ஆர்டர் நிலவரத்தைத் தொழிலாளர் பிரதிநிதிகள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே சேர்ப்பது நல்லது.

மூன்றாவதுதான் கடினமானது. இது மந்த காலமா, நிரந்தர வீழ்ச்சியா? பகிர்வு வேலை செய்வது மந்தத்தில் மட்டும்தான். வீழ்ச்சியில் அது நாற்பது பேரையும் மெதுவாகப் பட்டினிக்குக் கொண்டுபோகும், போக வேண்டியவர்கள் வேறு வேலை தேடும் நேரத்தையும் தின்னும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது சாம்பிள் அறை. ஆர்டர் வருவதற்குச் சில மாதம் முன்னாலேயே பையர் அடுத்த சீசன் டிசைனுக்குச் சாம்பிள் கேட்பார். ஆர்டர் குறைந்தும் சாம்பிள் டைலர் கைநிறைய வேலையோடு இருக்கிறார் என்றால் வேலை பின்னால் வருகிறது. ஆர்டரும் இல்லை, சாம்பிள் கேட்டு ஒரு மெயிலும் இல்லை, போன இரண்டு வருடத்து இதே மாதங்களில் அப்படி இருந்ததும் இல்லை என்றால், 12 வாரம் முடியும்வரை காத்திருக்காமல் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அப்போது செய்ய வேண்டியது முறையான கணக்கு முடிப்பு, முழு இழப்பீட்டோடு.

ஆர்டர் திரும்பும் வாரமும் கவனிக்க வேண்டிய வாரம். கப்பல் தேதி நெருங்கியதும் சூப்பர்வைசர் உடனே இரவு ஷிஃப்டைத் திறக்கப் பார்ப்பார், கைக்கு வந்த நாலு டைலரைப் பிடித்து உட்கார வைப்பார். ஒப்பந்தத்தின் கடைசி வரி இதற்காக இருக்க வேண்டும்: நாற்பது பேருக்கும் பன்னிரண்டு நாளும் திரும்பி வந்த பிறகுதான் முதல் ஓவர்டைம், அதுவும் பட்டியல் போட்டு முறைப்படி.